கோடு போட்ட செவ்வாய்க்கிழமை

உக்கிரபாண்டி என்று பேர் வைத்தவர்கள் குழந்தையின் முகத்தைப் பார்த்து வைக்கவில்லை. ஊரில் நாய் குரைத்தால்கூட நம்மைப் பார்த்துத்தானோ என்று யோசிக்கிற மனுஷர் அவர். சைக்கிளைப் பூட்டிவிட்டுப் பத்தடி போவார், திரும்பி வந்து பூட்டை இழுத்துப் பார்ப்பார், மறுபடி போவார், மறுபடி வருவார். அப்பேர்ப்பட்டவரைப் பதினோராம் வகுப்பு ‘ஏ’ பிரிவுக்கு வகுப்பாசிரியராகப் போட்டு, எஸ்.எஸ்.எல்.சி. பரீட்சைக்கு யார் யார் உட்காரலாம் என்று கணக்குப் பார்த்துச் சொல்லும் வேலையையும் கொடுத்துவிட்டால் தூக்கம் எங்கிருந்து வரும்?

விருதுநகருக்கும் சிவகாசிக்கும் நடுவில், ரோட்டை ஒட்டிய உயர்நிலைப் பள்ளிக்கூடம் அது. அறுபத்து நாலாம் வருஷம், பிப்ரவரி பிறந்து முதல் வெள்ளிக்கிழமை. ஜூனிலிருந்து ஜனவரி கடைசி வரைக்குமான வருகைப் பதிவேட்டை விரித்துப் போட்டுக்கொண்டு காலையிலிருந்து உட்கார்ந்திருந்தார். முக்கால் பங்கு நாள் வந்தவனுக்குத்தான் பரீட்சை. நூற்றுக்கு எழுபத்தைந்து. அதற்குக் கீழே இருக்கிறவன் நம்பருக்குச் சிவப்பு மையில் வட்டம் போட்டு, திங்கட்கிழமை காலையில் தலைமையாசிரியர் மேஜையில் வைக்க வேண்டும். வட்டம் விழுந்தால் ஒரு வருஷம் போச்சு.

பதிவேட்டில் ஒரு நாளைக்கு இரண்டு கட்டம். காலைக்கு ஒன்று, மத்தியானத்துக்கு ஒன்று. வந்தவனுக்கு P, வராதவனுக்கு A. மற்ற வாத்தியார்கள் P-க்களை எண்ணி, நூறால் பெருக்கி, மொத்தக் கட்டத்தால் வகுத்துத் தசமப் புள்ளியோடு மல்லுக்கட்டுவார்கள். உக்கிரபாண்டி வழி வேறே. மொத்தக் கட்டத்தை நாலாக வகுத்துவிடுவார். ஒருத்தனுடைய A அதைத் தாண்டாமல் இருந்தால் பிழைத்தான், தாண்டினால் வட்டம். அந்த வருஷம் அவர் பதிவேட்டில் நூற்றெழுபது நாள், முந்நூற்று நாற்பது கட்டம். நாலில் ஒன்று எண்பத்தைந்து. ஆக எண்பத்தைந்து A வரைக்கும் அனுமதி, எண்பத்தாறு என்றால் இல்லை.

பள்ளிக்கூடத்துப் பக்கமே வராத இரண்டு பையன்களுக்குச் சட்டென்று வட்டம் போட்டுவிட்டார். மூன்றாவதாக மாடத்தியின் வரிசைக்கு வந்ததும் நின்றுவிட்டார்.

மாடத்தியின் வரிசையைப் பார்த்தாலே தீபாவளி சீசன் எப்போது தொடங்கியது, எப்போது முடிந்தது என்று சொல்லிவிடலாம். ஜூனில் எல்லாம் P. ஆகஸ்டிலிருந்து P, A, P, A என்று ஒன்று விட்டு ஒன்று. காலையில் பள்ளிக்கூடம், மத்தியானம் பட்டாசுக் கம்பெனியில் தாள் சுற்றும் வேலை. செப்டம்பர் நடுவில் A மட்டும் ஒரு சாண் நீளத்துக்கு. அது அவள் அம்மா மாரித்தாய் போன சமயம். கம்பெனியில் மருந்து கலக்கும் அறை வெடித்து ஆறு பேர் போனார்கள், அதில் மாரித்தாயும் ஒருத்தி. அதற்குப் பிறகு வீட்டில் சமைக்க ஆள் இல்லை, அப்பன் ஊர்க்காவலன் பாதி நாள் பேசுவதே இல்லை. இருந்தும் பிள்ளை நவம்பரிலிருந்து ஒரு நாள் விடாமல் வந்து P வாங்கியிருந்தது.

எண்ணினார். எண்பத்தாறு. பென்சிலால் ஒவ்வொரு A-க்குக் கீழேயும் புள்ளி வைத்து எண்ணினார். எண்பத்தாறு. கடைசியிலிருந்து முன்னால் வந்து எண்ணினார். அப்போதும் எண்பத்தாறுதான், சனியன். P-யை எண்ணி நூறால் பெருக்கி வகுத்துப் பார்த்தார். எழுபத்து நாலு புள்ளி ஏழு வந்தது.

பதிவேட்டைத் தூக்கிக்கொண்டு தலைமையாசிரியர் சின்னச்சாமியிடம் ஓடினார்.

“சார், எழுபத்தி நாலு புள்ளி ஏழு. அரைக்கு மேலன்னா அடுத்த எண்ணா எடுத்துக்கிடுறது கணக்குல உண்டுல்ல சார்?”

சின்னச்சாமி மூக்குக் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார். “கணக்குல உண்டு ஓய். கல்வி அதிகாரிகிட்ட இல்ல. எழுபத்தி நாலு புள்ளி ஒம்பது ஒம்பதா இருந்தாலும் எழுபத்தஞ்சுக்குக் கீழதான்.”

“விலக்குக் கேட்டு ஒரு மனு எழுதிப் போட்டா?”

“சீக்குல கெடந்தான்னு டாக்டர் சீட்டு வேணும். சீசன் வேலைக்குப் போனதுக்கு எந்த டாக்டரு சீட்டுக் குடுப்பாரு? போய் வட்டத்தப் போடும்.”

போட்டார். சிவப்பு மை காய்கிற வரைக்கும் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

மத்தியானம் வகுப்பில் பெயர்களை வாசித்தபோது மாடத்தி எழுந்து நின்றாள். பதினாறு வயசு, பாவாடை தாவணி, விரல் நுனியெல்லாம் பசை தின்ற தோல்.

“எம்புட்டு சார் குறையுது?”

“ஒண்ணு தாயி.”

“ஒரு நாளா?”

“அரை நாளு. ஒரு கட்டம்.”

“அரை நாளா,” என்று சொல்லி உட்கார்ந்துகொண்டாள். அழுதிருந்தால்கூட அவருக்கு ஆறியிருக்கும். மணி அடிக்கிறவரை உட்கார்ந்து கரும்பலகையில் இருந்ததையெல்லாம் எழுதிக்கொண்டுதான் போனாள். போகும்போது பக்கத்துப் பெண்ணிடம், திங்கட்கிழமை விடிய பட்டாசுக் கம்பெனி லாரி வரும், முழுநாள் வேலைக்கு அப்பா தன் பேரைக் கொடுத்துவிட்டார் என்று சொன்னது அவர் காதில் விழுந்தது.

பள்ளிக்கூட வாசலில் வண்டியைப் போட்டுக்கொண்டு சோலைமலை காத்திருந்தார். பக்கத்துக் கிராமத்தில் கரிசக்காடும் பருத்தியுமாக இருக்கிற ஆள். பள்ளிக்கூடத்துக்கு ஓடு வேய்ந்தபோது பாதி ஓடு அவர் கொடுத்தது, அதை அவரும் மறக்கவில்லை, மற்றவர்களையும் மறக்க விடவில்லை. மகன் வெள்ளைத்துரை அதே வகுப்பு. வீட்டில் முதலில் மகளுக்கு அம்மை போட்டு, அது இறங்குவதற்குள் மகனுக்கும் போட்டு, செப்டம்பர் பாதியிலிருந்து இரண்டு மாசம் பையன் வேப்பிலையில்தான் கிடந்தான்.

“வாத்தியாரே, நம்ம பய?”

“சரியா எண்பத்தஞ்சு A அண்ணாச்சி. நூத்துக்கு எழுபத்தஞ்சு. மயிரிழையில தப்பிச்சிட்டான். ஒரு கட்டம் கூடியிருந்தாலும் போயிருக்கும்.”

சோலைமலை தலைப்பாகையை அவிழ்த்து உதறினார். “கருப்பசாமி காப்பாத்திட்டாருய்யா! நேந்துக்கிட்டது வீண் போகல. ஞாயித்துக்கெழம கெடா வெட்டு. நீங்க வரலன்னா நான் உங்க வீட்டு வாசல்ல வந்து உக்காந்துக்கிடுவேன், ஆமா.”

ஞாயிற்றுக்கிழமை போனார். போகாமல் இருந்தாலும் தப்பு, போனாலும் உறுத்தல். வரப்போரம் கருப்பசாமிக்குக் கிடா விழுந்து, ஊரே பந்தியில் உட்கார்ந்துவிட்டது. வாத்தியாருக்கு முதல் இலை. சோலைமலையின் மனைவி ராமுத்தாய் தன் கையாலேயே கறியை அள்ளி வைத்தாள்.

“நல்லாச் சாப்பிடுங்க. உங்க புண்ணியத்துல எம்புள்ள பரீச்ச எழுதுறான்.”

“நான் என்னம்மா செஞ்சேன்? எண்ணுனேன், அவ்வளவுதான்.”

“எண்ணுறதுக்கும் நல்ல மனசு வேணுமுல்ல. அம்ம கண்டு அவன் கெடந்த கெட எனக்குத்தான தெரியும். அந்த வெடி வெடிச்சுச்சே, செவ்வாக்கெழம, அன்னிக்கித்தான் தொடங்குச்சு. காலையில பள்ளிக்கூடம் போனவன், எல்லாரையும் வீட்டுக்குப் போகச் சொல்லிட்டாகன்னு ஒடனே திரும்பி வந்தான். வந்தவன் படுத்தான், ஒடம்பு அனலாக் கொதிக்குது. சாயங்காலம் பாத்தா முத்து போட்டுருக்கு.”

வாத்தியார் வாயில் இருந்த எலும்பு அப்படியே நின்றுவிட்டது.

வீட்டுக்குப் போகச் சொல்லிவிட்டார்கள். ஆமாம், சொன்னார்கள்தான். அன்றைக்குக் காலை எட்டரைக்கு வெடித்தது. ஜன்னல் கதவெல்லாம் ஆடியது. முதல் மணி அடித்து வந்திருந்தவர்களுக்கு இவர் பேர் கூப்பிட்டு முடித்ததும் தலைமையாசிரியர் வாசலில் வந்து நின்று, இன்றைக்குப் பள்ளிக்கூடம் இல்லை, எல்லோரும் போங்கள் என்றார். மாடத்தி இருக்கிற மேலத்தெருப் பிள்ளைகள் ஒருவரும் அன்றைக்கு வந்திருக்கவே இல்லை. கம்பெனி வாசலுக்குத்தான் ஓடியிருந்தார்கள்.

பிறகு அந்த நாளுக்கு ஈடாக அக்டோபரில் ஒரு சனிக்கிழமை முழுப் பள்ளிக்கூடம் வைத்தார்கள். சனிக்கிழமைக்கும் இவர் P, A போட்டிருக்கிறார். செவ்வாய்க்கிழமைக் கட்டத்தை என்ன செய்தோம்?

“என்ன, உப்புக் கொறச்சலா?” என்றாள் ராமுத்தாய்.

“இல்லம்மா, நல்லா இருக்கு,” என்று எழுந்து கை கழுவப் போனவர் திரும்பவில்லை. கிடா வெட்டுக்கு வந்த விருந்தாளி பாதிப் பந்தியில் எழுந்து சைக்கிளில் ஏறிப் போவதை ஊரே பார்த்தது. வயிறு சரியில்லை போல என்று பெரியவர்கள் பேசிக்கொண்டார்கள்.

காவலாளியிடம் சாவி வாங்கிப் பள்ளிக்கூடத்தைத் திறந்தார். செப்டம்பர் பக்கத்தைப் புரட்டினார். பதினேழாம் தேதி, செவ்வாய். இரண்டு கட்டமும் நிரம்பி இருந்தன. காலைக் கட்டத்தில் அன்றைக்குக் கூப்பிட்ட பேர்களுக்கு P-யும் A-யும். மத்தியானக் கட்டத்தில்? அன்றைக்கு மத்தியானம் பள்ளிக்கூடத்தில் காக்காய்கூட இல்லை. ஆனாலும் காலையில் இருந்தது போலவே P, A என்று அச்சுப் பிசகாமல் இருந்தது.

அவருடைய வேலைதான். மாசக் கடைசியில் கூட்டல் போட உட்காரும்போது எங்கேயாவது வெள்ளையாக ஒரு கட்டம் இருந்தால் அவருக்குச் சோறு இறங்காது. மறந்துவிட்டோம் என்று நினைத்துக் காலையைப் பார்த்து மத்தியானத்தையும் நிரப்பிவிடுவார். காலையில் வந்தவன் மத்தியானமும் வந்திருப்பான் என்பது அவர் தர்மம். அப்படி நிரப்பிய கையோடு, நடக்காத நாள் ஒன்று நடந்த நாளாக ஆகிவிட்டது. அதற்கு ஈடான சனிக்கிழமையும் சேர்ந்துகொண்டது. ஒரே நாள் இரண்டு தடவை.

அடக் கடவுளே, அடக் கடவுளே என்று சொல்லிக்கொண்டே அறைக்குள் இரண்டு சுற்றுச் சுற்றினார். பிறகு உட்கார்ந்து கணக்குப் போட்டார்.

செவ்வாய்க்கிழமையை எடுத்தால் நூற்று அறுபத்தொன்பது நாள். முந்நூற்று முப்பத்தெட்டுக் கட்டம். நாலில் ஒன்று எண்பத்து நாலரை. ஆக எண்பத்து நாலு A வரைக்கும்தான் அனுமதி. மாடத்திக்கு அன்றைக்குக் காலையும் A, மத்தியானமும் A. எண்பத்தாறில் இரண்டு போனால் எண்பத்து நாலு.

“பொழச்சுட்டா!” என்று வாய்விட்டே கத்திவிட்டார். வெளியே காவலாளி, “சார், கூப்பிட்டீகளா?” என்றான்.

சந்தோஷம் அவரிடம் எவ்வளவு நேரம் தங்கும்? பென்சில் தானாகவே வெள்ளைத்துரை வரிசைக்குப் போனது. பையன் அன்றைக்குக் காலையில் வந்திருந்தான். P. மத்தியானம் வீட்டில் காய்ச்சலில் கிடந்தான், இவர் தயவில் அதுவும் P. நாளை எடுத்தால் போவது இரண்டு P. A-யில் ஒன்றும் குறையாது. எண்பத்தைந்து எண்பத்தைந்தாகவே நிற்கும். அனுமதி எண்பத்து நாலு.

P-யை எண்ணிப் பெருக்கி வகுத்தும் பார்த்துவிட்டார். அவளுக்கு எழுபத்தைந்து புள்ளி ஒன்று. அவனுக்கு எழுபத்து நாலு புள்ளி எட்டு. ஒரு நாளை நீக்கினால் ஒருத்தி ஏறுகிறாள், ஒருத்தன் இறங்குகிறான். இறங்குகிறவன் வீட்டுக் கறிச்சோறு இன்னும் கையில் மணக்கிறது.

சிவப்பு மைக்கூட்டைத் திறந்தார், மூடினார். செவ்வாய்க்கிழமையை அப்படியே விட்டுவிட்டு மாடத்தியின் ஒரே ஒரு A-யை மட்டும் P ஆக்கினால் என்ன? இரண்டு பேரும் பிழைத்துப் போவார்கள். யாருக்கு நஷ்டம்? பேனாவையும் எடுத்துவிட்டார். எடுத்த பிறகுதான் ‘பி’ பிரிவு ஞாபகம் வந்தது. அந்தப் பதிவேட்டை அலமாரியிலிருந்து உருவிப் பார்த்தார். செப்டம்பர் பதினேழின் மேல் நீளக் கோடு போட்டு ‘விடுமுறை’ என்று அழகாக எழுதியிருந்தது. அவர்களுக்கு வேலை நாள் நூற்று அறுபத்தொன்பது. ஒரே பள்ளிக்கூடத்தில் ஒரு பிரிவுக்கு நூற்று எழுபது, இன்னொரு பிரிவுக்கு நூற்று அறுபத்தொன்பது என்றால் கல்வி அதிகாரி சும்மா விடுவாரா? பட்டியல் முழுசையும் திருப்பி அனுப்புவார், இரண்டு வகுப்புப் பிள்ளைகளுக்கும் ஹால் டிக்கெட் நின்றுபோகும்.

அது மட்டும் காரணம் என்று சொன்னால் பொய். ‘பி’ பிரிவு ஒத்துப்போயிருந்தாலும் அவரால் முடிந்திருக்காது. A போட்ட இடத்தில் P போட்டுவிட்டு இந்த மனுஷர் எத்தனை தடவை எழுந்து எழுந்து போய்ப் பார்ப்பார் என்று அவருக்கே தெரியும்.

சின்னச்சாமி வீட்டுக்கு மிதித்தார். விஷயத்தைக் கேட்டதும் தலைமையாசிரியர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றி வைத்தார்.

“உம்மைக் கட்டத்தை நிரப்பச் சொன்னது யாரு ஓய்?”

“காலியா இருந்துச்சு சார்.”

“காலியா இருந்தா காலியாத்தான் இருக்கும்! செவ்வாய்க்கிழமையை அடிச்சு, கணக்க மாத்தி, ஓரத்துல கையெழுத்துப் போடும். நாளைக்கு நானும் போடுறேன். அந்தப் பொண்ணு வட்டத்தை எடுத்துரும், அந்தப் பையனுக்குப் போடும். சோலைமலைகிட்ட நீரே போய்ச் சொல்லணும். சீக்குல கெடந்த பையன்தான, டாக்டர் சீட்டு வாங்கியாரச் சொல்லும், மனுவை நான் எழுதி அனுப்புறேன். கெடைச்சா கெடைக்கும்.”

அங்கேதான் வந்தது வினை. அம்மை போட்ட வீட்டில் டாக்டர் சீட்டு எங்கிருந்து வரும்? ஆத்தா வந்து இறங்கியிருக்கிற வீட்டுக்குள் மருந்துப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு எவனாவது வரலாமா? விருதுநகரிலிருந்து ஹெல்த் இன்ஸ்பெக்டர் விசாரித்துக்கொண்டு வந்தபோது, சோலைமலை பையனைப் பருத்தி அறைக்குள் போட்டு மூடிவிட்டு, இந்த வீட்டில் யாருக்கும் ஒன்றுமில்லை, போய்யா என்று விரட்டினார். அதை அவரே பெருமையாக ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தார்.

மறுபடியும் அதே வீட்டு வாசல். பந்தி முடிந்து, பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்தார்கள். வாத்தியார் நின்றுகொண்டே சொல்லி முடித்தார். உட்கார்ந்தால் எழுந்திருக்க முடியாது என்று அவருக்குப் பட்டது.

சோலைமலைக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் முகம் கறுத்துவிட்டது.

“முந்தாநேத்துச் சரியா எழுபத்தஞ்சுன்னீக. இன்னிக்கி என் கெடாவைத் தின்னுட்டுக் கொறையுதுங்கீக. ஒரு நாளு ரெண்டு தடவ எண்ணுனா என்னய்யா கெட்டுப் போச்சு? நானா எண்ணச் சொன்னேன்?”

“தப்பு எம்மேலதான் அண்ணாச்சி.”

“தப்பு உம்மேல, வட்டம் எம்மகனுக்கா? அந்த மேலத்தெருப் புள்ள உமக்கு என்ன வேணும்? ஓடு குடுத்தவன் நானு!”

திண்டாடிப்போனார் வாத்தியார். மாட்டுத் தொழுவத்துப் பக்கமிருந்து வெள்ளைத்துரை எட்டிப் பார்த்தான். கன்னத்தில் அம்மைத் தழும்பு.

“ஐயா, அன்னிக்கி மத்தியானம் நான் வீட்டுலதான கெடந்தேன்,” என்றான்.

“நீ வாய மூடுலே!”

ராமுத்தாய் கையிலிருந்த சட்டியைக் கீழே வைத்தாள்.

“அவன் ஏன் மூடணும்? நானும்தான சொன்னேன், அன்னிக்கி அவன் படுத்துக் கெடந்தான்னு. வாத்தியாரே, நான் சொல்லித்தான உமக்கு ஞாபகம் வந்துச்சு?”

அவர் தலையை ஆட்டினார்.

“அப்ப நான் வாய வச்சிக்கிட்டுச் சும்மா இருந்திருந்தா எம்புள்ள பரீச்ச எழுதியிருப்பான்,” என்றாள். முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு புருஷனைப் பார்த்துத் திரும்பினாள். “ஆனாச் சொல்லிட்டேன். அந்தப் புள்ளைக்கித் தாய எடுத்த நாளு அது. அத நம்ம புள்ள பள்ளிக்கூடம் போன நாளுன்னு எழுதிவச்சு, அதுல ஏறி அவன் பரீச்ச எழுதணுமா? ஆத்தா நம்ம வீட்டுக்கு ரெண்டு தடவ வந்துட்டுப் போயிருக்கா. மூணாந்தடவ கூப்பிடாதீக.”

கிடா கட்டியிருந்த கயிறு தரையில் கிடந்தது, அதைச் சோலைமலை எடுத்துச் சுருட்டினார், அவிழ்த்தார், மறுபடி சுருட்டினார்.

“டாக்டர் சீட்டு வேணும்னா?”

“அம்மைத் தழும்பு மூஞ்சியில இருக்கு அண்ணாச்சி. அந்த ஹெல்த் இன்ஸ்பெக்டரு வந்து விசாரிச்சுப் போனதையும் எழுதியிருப்பாரு. பெரியாஸ்பத்திரிக்குக் கூட்டிக்கிட்டுப் போனா, பாத்துட்டு எழுதிக் குடுப்பாக.”

“நான் வெரட்டி விட்ட ஆளு.”

“ஆமா.”

“அவன் கால்ல போயி விழணும்.”

“அம்புட்டெல்லாம் வேண்டாம். கேட்டாப் போதும்.”

“நீரும் வரணும்,” என்றார் சோலைமலை. “நாளைக்கு மத்தியானம். என் வண்டியில. அவன் என்ன வஞ்சாலும் நீரும் கூட நின்னு வாங்கிக் கட்டிக்கிடணும்.”

“வாரேன்,” என்றார் உக்கிரபாண்டி. வாழ்க்கையில் முதல் தடவையாக யோசிக்காமல் ஒரு பதில் சொன்னார்.

பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. விடிந்தால் லாரி வந்துவிடும். அவர் மேலத்தெருவுக்கு விட்டார் சைக்கிளை. கணக்கு தப்பாகிவிட்டதோ, முந்நூற்று முப்பத்தெட்டை நாலாக வகுத்தால் எண்பத்து நாலரைதானே, எண்பத்து மூணரை இல்லையே என்று மிதித்துக்கொண்டே இரண்டு தடவை வகுத்துப் பார்த்தார்.

ஊர்க்காவலன் வீட்டுக்கு முன்னால் மாடத்தி அம்மி அரைத்துக்கொண்டிருந்தாள். அப்பன் கட்டிலில் முதுகைக் காட்டிப் படுத்திருந்தான். வாத்தியாரைப் பார்த்ததும் கையைக் கழுவிக்கொண்டு எழுந்தாள்.

“நாளைக்கி லாரியில போகாத தாயி. உனக்குப் பரீச்ச உண்டு.”

“ஒரு கட்டம் குறையுதுன்னீகளே சார்.”

“நான்தான் தப்பா எண்ணிட்டேன். செப்டம்பர்ல ஒரு நாளு, பள்ளிக்கூடம் லீவு விட்ட நாளு, நான் வேல நாளாச் சேத்துட்டேன். அத எடுத்தாச்சு. உனக்கு அன்னிக்கி விழுந்த ரெண்டு A-யும் போச்சு. இப்ப எண்பத்தி நாலுதான். எழுபத்தஞ்சுக்கு மேல நிக்குற.”

கட்டிலில் ஊர்க்காவலன் திரும்பிப் படுத்தான். அவன் கண் திறந்திருந்தது.

“எந்த நாளு சார்?” என்றாள் மாடத்தி.

“பதினேழாந் தேதி. செவ்வாக்கெழம.”

அவள் ஈரக் கையைத் தாவணியில் துடைத்தாள்.

“அதுக்கு எனக்கு A போட்டிருப்பீகன்னு நெனச்சேன் சார். அதுக்குப் பதிலா வச்ச சனிக்கெழமைக்கி வந்தேன். அப்பா போகாதன்னுச்சு, அப்பவும் வந்தேன். அன்னிக்கி வராம இருந்ததுக்கு ஈடு கட்டணும்னுதான்.”

“தெரியும் தாயி. சனிக்கெழமைக்கி உனக்கு ரெண்டு P இருக்கு.”

“இப்ப செவ்வாக்கெழமய என்ன செஞ்சீக?”

“மேல இருந்து கீழ வரைக்கும் கோடு போட்டுருவேன். யாருக்கும் P-யும் இல்ல, A-யும் இல்ல.”

“அப்ப அப்பிடி ஒரு நாளே இல்ல.”

“பள்ளிக்கூடத்துக்கு இல்ல.”

மாடத்தி தலையை ஆட்டினாள். பிறகு முகத்தைப் பொத்திக்கொண்டு அம்மிப் பக்கத்தில் உட்கார்ந்து அழ ஆரம்பித்தாள். வெள்ளிக்கிழமை வகுப்பில் வராத அழுகை, அதற்கு முன்னால் எத்தனை நாளாய் வராத அழுகையோ, எல்லாம் சேர்ந்து வந்தது. ஊர்க்காவலன் கட்டிலிலிருந்து இறங்கி மகள் பக்கத்தில் போய்க் குந்தினான். அவள் தலையில் கையை வைத்தான்.

“எங்களுக்கு இருக்கு சார் அந்த நாளு,” என்றான் வாத்தியாரைப் பார்த்து. “நீங்க கோடு போட்டுக்கிடுங்க.”

உக்கிரபாண்டி சைக்கிளைத் தள்ளிக்கொண்டே தெரு முக்கு வரைக்கும் நடந்தார். மறுநாள் காலையில் முதல் மணிக்கு முன்னாலேயே போய், ரூல் தடியை வைத்துச் செப்டம்பர் பதினேழின் மேல் கோட்டைப் போட்டார். கோட்டின் பக்கத்தில் ‘விடுமுறை’ என்று எழுத வேண்டும். ‘பி’ பிரிவில் எழுதியிருந்தது போல அழகாக எழுத அவருக்குக் கை வரவில்லை, இரண்டு தடவை மை சிந்தியது. எழுதி முடித்து, மூடி வைத்து, அலமாரியைப் பூட்டினார். பூட்டை இழுத்துப் பார்க்கத் திரும்பி வரவில்லை.